டோக்கன் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய பாக்கிக் கணக்கு

கேள்வி: கொளத்தூரில் பழைய அடுக்குமாடி ஒன்றில் இரண்டாவது மாடி வீட்டை 46 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறோம். இன்று இரவுக்குள் ஒரு லட்சம் டோக்கன் அனுப்பாவிட்டால் வேறு பார்ட்டிக்குப் போய்விடும் என்கிறார் புரோக்கர். வீட்டுக்காரர் ஒரு வருடத்துக்கு மேல் மெயின்டெனன்ஸ் கட்டவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார். வீட்டுக்காரரைக் கேட்டால், "அதெல்லாம் பத்திரம் போடும்போது பார்த்துக்கலாம், நான் பொறுப்பு" என்கிறார். வில்லங்கச் சான்றிதழில் எதுவும் இல்லை. டோக்கன் கொடுக்கலாமா? பழைய பாக்கி எங்கள் தலையில் விழுமா?

பதில்: இன்று இரவு அனுப்பாதீர்கள். பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கைக்கு வந்த பிறகு அனுப்புங்கள். விற்பவர் ஒத்துழைத்தால் அதற்கு இரண்டு மூன்று நாள் போதும். அந்த இரண்டு நாள்கூடப் பொறுக்க மாட்டேன் என்பவர், ஒரு லட்சத்தை வாங்கிய பிறகு பாக்கிக் கணக்கைக் காட்டுவார் என்று நான் நம்ப மாட்டேன்.

வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருப்பதை இந்த விஷயத்தில் ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். அசோசியேஷன் பாக்கி, கரண்ட் பில், மெட்ரோ வாட்டர் கட்டணம், சொத்து வரி நிலுவை எதுவும் வராது. அசோசியேஷனிடம் பாக்கி இல்லை என்ற சான்று இல்லாமலேயே கிரயப் பத்திரம் பதிவாகிவிடும். நீங்கள் கேட்டால் ஒழிய வேறு யாரும் இதைக் கேட்கப்போவதில்லை.

பாக்கி யார் தலையில் விழும் என்பது பாக்கியின் வகையைப் பொறுத்தது. சொத்து மாற்றுச் சட்டம் 55(1)(ஜி) பிரிவின்படி, விற்பனைத் தேதி வரை சேர்ந்த அரசு, உள்ளாட்சி சார்ந்த கட்டணங்களை விற்பவர்தான் கட்ட வேண்டும். ஆனால் அது உங்களுக்கும் அவருக்கும் இடையில் உள்ள பொறுப்பு. சொத்து வரியை மாநகராட்சி வீட்டைப் பார்த்துத்தான் கேட்கும்; நேற்று வரை யார் குடியிருந்தார் என்று பார்க்காது. நீங்கள் கட்டிவிட்டு, பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்து வசூலிக்க வேண்டிவரும்.

கரண்ட் பில்லில் 2023-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் கே.சி. நைனான் வழக்கில் கொடுத்த தீர்ப்பு முக்கியமானது. பழைய உரிமையாளரின் மின் பாக்கி தானாகவே சொத்தின் மேல் ஏறிவிடாது என்றது. அதே சமயம், பாக்கியைத் தீர்த்தால்தான் அந்த இடத்துக்கு மீண்டும் இணைப்பு தருவோம் என்று விதிமுறை இருந்தால் மின் நிறுவனம் புதிய உரிமையாளரிடம் அதைக் கேட்கலாம் என்றும் சொன்னது. ஆக, பாக்கியோடு இணைப்பு துண்டிக்கப்பட்ட வீட்டை வாங்கினால், வெளிச்சம் வேண்டுமென்றால் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

அசோசியேஷன் மெயின்டெனன்ஸ்தான் இதில் சிக்கலானது. அது அரசுக் கட்டணம் அல்ல. உரிமையாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பொதுச் செலவு. மேலே சொன்ன 55(1)(ஜி) பிரிவுக்குள் அதை அப்படியே கொண்டுவந்துவிட முடியாது; வாதாட வேண்டியிருக்கும். அசோசியேஷன் என்ன செய்யும்? உங்கள் பெயரை உறுப்பினர் பதிவேட்டில் ஏற்ற மறுக்கும், சாமான் ஏற்ற விடாது, கார் நிறுத்தும் இடத்தைத் தராது. சில இடங்களில் தண்ணீரையே நிறுத்துகிறார்கள். அந்த முறையை நான் ஏற்பதில்லை, நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். ஆனால் குடிபோகும் நாளில் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு வழக்கு போட யாராலும் முடியாது. அந்த நேரத்தில் பணத்தைக் கட்டித்தான் உள்ளே போவார்கள். அதனால் இதை ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டும்.

உங்கள் நிலையை ஒத்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 3,500 ரூபாய் வீதம் 16 மாதம் கட்டவில்லை என்றால் 56,000. மாதத்துக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம் என்று அசோசியேஷன் விதியில் இருந்தால் இன்னொரு 3,200. சென்ற ஆண்டு லிஃப்ட் மாற்ற வீட்டுக்கு 60,000 கேட்டார்கள், இவர் 20,000 மட்டும் கொடுத்தார் என்றால் 40,000 நிற்கும். சொத்து வரி அரையாண்டுக்கு 1,900 வீதம் நான்கு அரையாண்டு, 7,600. மெட்ரோ வாட்டர் 6,400. ஒரு தவணை கரண்ட் பில் 2,850. மொத்தம் 1,16,050 ரூபாய். நீங்கள் கொடுக்கப்போகும் டோக்கனைவிட அதிகம்.

இதோடு முடியவில்லை. பொதுக்குழுவில் பெயின்டிங் வேலைக்கு வீட்டுக்கு 35,000 என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள், வசூல் இன்னும் தொடங்கவில்லை என்று வையுங்கள். இன்றைய தேதியில் அது பாக்கியே அல்ல. பொருளாளர் நேர்மையாகவே "பாக்கி இல்லை" என்று கையெழுத்துப் போடலாம், நீங்கள் குடிபோன மறுமாதம் நோட்டீஸ் வரும். நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறந்தவை. லிஃப்ட் ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டது, அந்தப் பாக்கி விற்பவருடையது. இதில் பேச்சுக்கே இடமில்லை. பெயின்டிங் இனிமேல் நடக்கும் வேலை, பயன் உங்களுக்கு. அதை நீங்கள் ஏற்பது நியாயம்தான், ஆனால் விலை பேசும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் அசோசியேஷனிடம் வாங்கும் கடிதத்தில் "பாக்கி இல்லை" என்ற ஒற்றை வரியோடு திருப்திப்படாதீர்கள். வீட்டு எண், எந்த மாதம் வரை மெயின்டெனன்ஸ் கட்டப்பட்டது, சிறப்பு வசூல்கள், தாமதக் கட்டணம், தீர்மானித்து இன்னும் வசூலிக்காதவை, அசோசியேஷனின் நிரந்தர நிதியான கார்பஸ் ஃபண்டில் இந்த வீட்டின் பங்கு எவ்வளவு, அது வாங்குபவர் பெயருக்கு மாறுமா என்பதெல்லாம் தேதியோடு இருக்க வேண்டும். கூடவே அந்த வீட்டின் லெட்ஜர் பக்கத்தின் நகலையும் கேளுங்கள். உங்களை யாரென்று தெரியாமல் தர மாட்டார்கள். விற்பவரையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள், அல்லது அவரோடு சேர்ந்து போங்கள். கையெழுத்துப் போடுபவர் இப்போதைய செயலாளர்தானா என்பதையும் பாருங்கள். பழைய கமிட்டி, புதிய கமிட்டி என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும் குடியிருப்புகளில் பழைய செயலாளர் கொடுத்த கடிதத்தைப் புதியவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. மாத ரசீதில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பக்கத்து வீட்டு ரசீதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மற்றவற்றை நீங்களே பார்த்துவிடலாம். விற்பவரிடம் மூன்று எண்களை வாங்குங்கள்: மின் இணைப்பின் நுகர்வோர் எண், மெட்ரோ வாட்டரின் சிஎம்சி எண், சொத்து வரி பில் எண். அந்தந்த இணையதளத்தில் போட்டால் நிலுவை தெரியும். அவர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் ஏற்காதீர்கள். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இன்னும் பில்டர் பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்துக்கு வேண்டிய கையெழுத்தை இப்போதே பேசிவிடுங்கள். அந்த வீட்டில் டியூஷன் சென்டரோ அலுவலகமோ நடந்ததா என்றும் விசாரியுங்கள். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடத்தியிருந்தால் கட்டண வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு கேட்பு வரக்கூடும். இன்றைய பில்லில் அது தெரியாது.

இவ்வளவும் பார்த்த பிறகு டோக்கன். பணமாகக் கொடுக்காதீர்கள், வீடு, நிலம் சம்பந்தமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. புரோக்கர் கணக்குக்கும் வேண்டாம். பத்திரத்தில் பெயர் உள்ள உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே போகட்டும், இரண்டு பேர் பெயரில் இருந்தால் இருவரும் ரசீதில் கையெழுத்திடட்டும். ரசீதில் இந்தப் பொருள் வரும்படி எழுதுங்கள்:

"இத்தொகை கிரய விலையின் ஒரு பகுதி. பத்திரப் பதிவு நாள் வரையிலான சொத்து வரி, குடிநீர், மின் கட்டணம், அசோசியேஷன் மாதக் கட்டணம், ஏற்கெனவே கேட்கப்பட்ட சிறப்பு வசூல் அனைத்தும் விற்பவர் பொறுப்பு. இன்று தெரிவித்த தொகைக்கு மேல் பாக்கி இருப்பது தெரியவந்தால், அதை விலையில் கழித்துக்கொள்ளவோ, பேச்சை முடித்துக்கொண்டு இத்தொகையை 7 நாளில் முழுமையாகத் திரும்பப் பெறவோ வாங்குபவருக்கு உரிமை உண்டு."

முதல் வாக்கியம் சும்மா எழுதியதல்ல. ஒப்பந்தத்தை உறுதி செய்யக் கொடுக்கும் முன்பணத்தை, வாங்குபவர் தவறினால் விற்பவர் எடுத்துக்கொள்ளலாம். விலையின் பகுதியாகக் கொடுத்த பணத்தை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சதீஷ் பத்ரா வழக்கில் பிரித்துச் சொல்லியிருக்கிறது. புரோக்கர் நீட்டும் அச்சடித்த ரசீதில் "திரும்பத் தரப்பட மாட்டாது" என்று ஒரு வரி ஓரத்தில் இருக்கும். அதை அடித்துவிட்டு இருவரும் சுருக்கொப்பம் இடுங்கள்.

விற்பவரிடம் உண்மையிலேயே இப்போது பணம் இல்லை, வீடு விற்றுத்தான் கட்ட முடியும் என்றால் அதுவும் நடக்கக்கூடியதே. அதற்காக நல்ல வீட்டை விட வேண்டியதில்லை. டோக்கனை 25,000-ஆகக் குறையுங்கள். கிரய ஒப்பந்தத்தில் பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு, அதை நீங்களே நேராக அசோசியேஷன் கணக்குக்கும் மற்ற இடங்களுக்கும் கட்டி, 46 லட்சத்தில் கழித்துக்கொள்வதாக எழுதுங்கள். மேலே போட்ட கணக்குப்படி 1,16,050 போக 44,83,950 ரூபாய்தான் விற்பவர் கைக்குப் போகும். கட்டிய ரசீதுகள் உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் அசல் உங்களிடம் இருக்கட்டும்.

கடிதம் வாங்கிய நாளுக்கும் பதிவு நாளுக்கும் இடையில் மாதங்கள் ஓடும், புதுப் பாக்கி சேரும். பதிவுக்கு முந்தின நாள் அசோசியேஷனிடம் இன்னொரு கடிதம் வாங்குங்கள், மூன்று எண்களையும் மறுபடி போட்டுப் பாருங்கள். சாவி வாங்கும்போது விற்பவரை வைத்துக்கொண்டே மின் மீட்டரின் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள். அடுத்த பில்லில் அந்த அளவு வரையிலான தொகையை அவர் தர வேண்டும். அதற்காக 5,000 ரூபாயை அந்த பில் வரும்வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.