நகத்தளவில் பை பையாகத் தெரிகிறதா?

"பனையோலையில் கைப்பை பின்னி விற்கிறேன். ஏஐயில் செய்த படம் பெரிதாகப் பார்க்கும்போது அவ்வளவு வடிவாக இருக்கிறது. ஆனால் போனில் மற்றப் பொருட்களோடு கட்டம் கட்டமாக வரும்போது யாரும் தொடுவதாகத் தெரியவில்லை. போடுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க வழி உண்டா அண்ணா?"
— களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி

உண்டு தங்கச்சி. ஓர் அடிமட்டமும் உங்கள் போனும் போதும்.

அடிமட்டத்தைத் திரையில் வைத்துப் பாருங்கள். அகலம் ஏறக்குறைய 7 சென்டிமீற்றர் இருக்கும். ஒரு வரிசையில் இரண்டு பொருட்கள் வந்தால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 3 சென்டிமீற்றருக்குச் சற்று மேல். நீங்கள் அனுப்பிய படத்தில் பை மூன்றில் ஒரு பங்கு அகலம்தான். மிச்சமெல்லாம் கல்லடிப் பாலம், வாவி, குத்துவிளக்கு. அப்படியானால் வாங்குபவர் காணும் பை 1 சென்டிமீற்றர், சுண்டுவிரல் நகமளவு.

இனிச் சோதனை. விற்பனைச் செயலியில் 'கைப்பை' என்று தேடி, வரும் பக்கத்தை ஸ்க்ரீன்ஷொட் எடுங்கள். உங்கள் படத்தைச் சதுரமாக வெட்டி, அதிலுள்ள ஒரு கட்டத்தின் மேல் அதே அளவில் ஒட்டுங்கள். அக்கம்பக்கத்துப் படங்கள் அப்படியே இருக்கட்டும், போட்டி அவற்றோடுதான். பிறகு உங்கள் பையை இதுவரை பார்க்காத ஒருவரிடம், கை நீட்டும் தூரத்தில் போனைப் பிடித்து, உங்கள் கட்டத்தைச் சுட்டிக்காட்டி, இரண்டு எண்ணும் நேரம் மட்டும் காட்டுங்கள். போனைத் திருப்பிக்கொண்டு, "இதில் என்ன விற்கிறார்கள்?" என்று கேளுங்கள். "வடிவா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்பதும் சரிவராது. திறந்து பெரிதாகப் பார்த்துவிடுவார்கள்.

உங்கள் படத்தை வைத்து மூன்று பேரிடம் இப்படிக் கேட்டேன். ஒருவர் "வாவிப் படம்" என்றார், அடுத்தவர் "மண்பானை", மூன்றாமவர் "கூடை மாதிரி". பை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் தவறான பதில்தான் இந்தச் சோதனையில் பெறுமதியானது, எங்கே பிழை என்பதை அதுவே காட்டிவிடும்.

வாவி என்றவருக்குப் பின்னணி பையை விழுங்கிவிட்டது. பாலம், விளக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பை படத்தின் அகலத்தில் முக்கால் பங்குக்கு மேல் நிரம்பும்படி செய்யுங்கள்.

பானை என்றவர் சொன்னதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியதும் விளங்கியது. பையின் கைபிடி பழுப்பு, பின்னால் இருக்கும் மரமும் பழுப்பு; நிறம் போனதும் இரண்டும் ஒரே சாம்பல். கைபிடி மறைந்தால் மிஞ்சுவது உருண்டையான உடம்பு மட்டுமே, அது பானைதானே. கூடை என்றவருக்குக் கைபிடி தெரிந்தது, ஆனால் அது பையோடு ஒட்டிச் சாய்ந்து கிடந்தது. கைபிடி நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்கும் பையின் வாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி சிறிய படத்திலும் குறைந்தது 2 மில்லிமீற்றர் தெரிய வேண்டும். பையைப் பையாகக் காட்டுவது அந்த ஓட்டைதான்.

பின்னணிக்கு வெள்ளை போடச் சொல்பவர்கள் உண்டு. உங்கள் ஓலைக்கு அது வேண்டாம். ஓலையும் வெளிறியது, செயலியின் பக்கமும் பெரும்பாலும் வெள்ளை, எல்லாம் கரைந்துவிடும். முழுக் கறுப்பும் வேண்டாம். போனைக் கறுப்புத் திரையில் வைத்திருப்பவருக்குப் படத்தின் விளிம்பே தெரியாது. அடர்நீலம் இரண்டுக்கும் பொருந்தும்.

நுண்ணிய பின்னல் சிறிதாகும்போது அலையலையாகக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓலைக் கோடுகள் அத்தனையையும் காட்ட அங்கே போதிய புள்ளிகள் இல்லை, அதுதான் காரணம். படத்தைக் கூர்மையாக்கினால் அந்த அலை இன்னும் கூடும். பின்னலைப் பெரிய படம் காட்டட்டும். சிறிய படத்துக்கு உங்கள் பையில் இருக்கும் அகலமான சிவப்புப் பட்டி போதும்.

இதையெல்லாம் ஏஐயிடம் வார்த்தையில் விவரித்து, புதிதாக வரையச் சொல்லாதீர்கள். கைபிடியை நிமிர்த்தி நீங்களே ஒரு போட்டோ எடுத்து, அதைக் கொடுத்து, பின்னணியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வந்த படத்தை உண்மையான பைக்குப் பக்கத்தில் வைத்து, கைபிடி எத்தனை, பட்டி எந்த உயரத்தில் என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பின்னணியை மட்டும் மாற்றச் சொன்னாலும் பையிலும் அது கைவைத்துவிடுவதுண்டு. நகத்தளவில் யாருக்கும் தெரியாத அந்த மாற்றம், பொருள் கைக்கு வந்ததும் சண்டையாகிவிடும்.

புதிய படத்தை வேறு மூன்று பேரிடம் காட்டுங்கள், முதலில் பார்த்தவர்களுக்கு இப்போது விடை தெரியும். மூவரும் பை என்றால், வரிசைக்கு மூன்றாக வரும் பக்கத்திலும் ஒரு முறை ஒட்டிப் பாருங்கள். அங்கே யாராவது திரும்பவும் கூடை என்றால், போட்டோவைக் கொஞ்சம் தாழ்ந்த கோணத்தில் எடுத்து, கைபிடியின் ஓட்டையைப் பெரிதாக்குங்கள்.