சண்டை வந்தால் மட்டும் வரும் அழைப்பு

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 28 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். உடன் வேலை செய்யும் பெண்ணுக்கு நான்கு வருடமாக ஒரு காதலர் உண்டு. அவரோடு மனஸ்தாபம் வரும்போதெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல் என்னை அழைத்து அழுவார். ‘உங்களிடம் பேசினால்தான் மனசு லேசாகிறது’ என்பார். சில சமயம் தோளில் சாய்ந்துகொள்வார். பிறகு ஒரு வாரம் பேச்சே இருக்காது. அவருக்கு என்மேல் விருப்பமா? நான் காத்திருக்கலாமா?

– பெயர் வேண்டாம், கோவை

அன்புள்ள வாசகருக்கு,

காத்திருக்க வேண்டாம். அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. அந்த நெருக்கம் உண்மையானதுதான். அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவருடைய குழுவினரும் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் அறியாதவர்களை இருவர் இருவராக உட்காரவைத்து, போகப்போக அந்தரங்கமாகும் கேள்விகளைப் பரஸ்பரம் கேட்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரத்தில், வெறுமனே அரட்டை அடித்தவர்களைவிட அவர்கள் நெருங்கிவிட்டார்கள். நீங்களோ இரவிரவாக அவர் அழுகையைக் கேட்டவர். மனம்விட்டுப் பேசினால் நெருக்கம் வரும். ஆனால் அதை வைத்து, அவர் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று எண்ணிவிட முடியாது.

எனக்கு அந்த அழுகையைவிட, அதன்பின் வரும் ஒரு வார மௌனம்தான் முக்கியமாகப் படுகிறது. குடும்ப உளசிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான மர்ரே போவன் இதை ‘முக்கோணம்’ என்றார். இருவருக்கிடையே இறுக்கம் தாங்க முடியாமல் போனால், மூன்றாவது ஆள் ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இறுக்கம் தணியும், பிரச்சினை மட்டும் அப்படியே கிடக்கும். காதலரிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவர் உங்களிடம் அழுது தீர்த்துவிடுகிறார். கோபம் வடிந்ததும் சமாதானமாகிவிட முடிகிறது. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அந்தக் காதல் முறியாமல் நிற்பதற்கு நீங்களும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதால் உங்களுக்கு வலி குறையப்போவதும் இல்லை.

அடுத்த முறை அழைத்தால், ஆறுதல் சொல்வதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ‘இதை அவரிடம் சொன்னீர்களா? நாம் இப்படிப் பேசுவது அவருக்குத் தெரியுமா?’ தெரியும் என்றால், பெரும்பாலும் அவர் உங்களை நண்பராகத்தான் பார்க்கிறார். மறைக்கிறார், குறுஞ்செய்திகளை அழிக்கிறார் என்றால், நட்பைத் தாண்டிய ஏதோ இருக்கலாம். அப்போதும் அவர் முடிவெடுத்துவிட்டதாகக் கொள்ளாதீர்கள். முடிவெடுத்தவர் காதலரிடம் பேசுவார்.

உங்கள் மனதையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்: ‘எனக்கு உங்கள்மேல் விருப்பம் வந்துவிட்டது. அதனால் இனி இரவில் இதைக் கேட்க என்னால் முடியாது.’ தோளில் சாய்வதும் அத்தோடு நிற்கட்டும். அவர் விலகிப் போனால், அவர் தேடியது ஆறுதலை என்று புரிந்துகொள்ளலாம். ‘அவரை விட்டுவிடுகிறேன்’ என்று உடனே சொன்னாலும் அவசரப்படாதீர்கள். அவர் தன் காரணங்களுக்காகப் பிரிந்து, சில மாதம் தனியாக இருந்த பிறகு பேசுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகப் பாருங்கள். காதலர் அடிக்கிறார், மிரட்டுகிறார் என்று அவர் சொன்னால், மேலே சொன்ன எதையும் அப்போது பார்க்காதீர்கள். பெண்களுக்கான 181 உதவி எண்ணை உடனே கொடுங்கள்.