எஸ்ஜிபிடி 84 இருக்கும்போது ஸ்டாட்டின் சாப்பிடலாமா?

கேள்வி: வயது 52, வேளச்சேரி. சர்க்கரை நோய் உண்டு, மதுப் பழக்கம் இல்லை. செக்கப்பில் கெட்ட கொழுப்பான எல்டிஎல் 162, கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிபிடி 84, எஸ்ஜிஓடி 48, பிளேட்லெட் 2.4 லட்சம், பிலிருபின் நார்மல். ஸ்கேனில் கிரேடு 2 ஃபேட்டி லிவர். கொழுப்பைக் குறைக்க டாக்டர் அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை 20 மி.கி. எழுதினார். கல்லீரலைக் கெடுத்துவிடும் என்று அண்ணன் சொல்வதால் இன்னும் தொடங்கவில்லை. சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம், தள்ளிப்போடாதீர்கள். ஒரு மாத்திரைகூடப் போடாத நிலையிலேயே உங்கள் எஸ்ஜிபிடி 84. கல்லீரல் செல்களில் சேர்ந்த கொழுப்பு அவற்றை நோகடிப்பதால் இந்த என்சைம் ரத்தத்தில் கசிகிறது. உங்கள் லேபின் மேல் எல்லை 40 என்றால், அதன் மூன்று மடங்கான 120-ஐத் தாண்டும்போதுதான் நாங்கள் யோசிப்போம். நீங்கள் அதற்குக் கீழேதான் இருக்கிறீர்கள்.

வயது, இரண்டு என்சைம்கள், பிளேட்லெட் இவற்றை வைத்துக் கல்லீரல் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 கணக்கு ஒன்று உண்டு. உங்களுக்கு அது சுமார் 1.1 வருகிறது. 1.3-க்குக் கீழ் என்றால் கல்லீரலில் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. இந்த நிலையில் உங்களுக்குப் பெரிய ஆபத்து மாரடைப்புதான். ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பதும் இதய, ரத்தக்குழாய் நோய்கள்தான். மாத்திரையைத் தவிர்த்தால் கல்லீரலுக்கு எந்த லாபமும் இல்லை, இதயத்துக்குத்தான் நஷ்டம்.

கிரீஸில் நடந்த ஓர் ஆய்வின் மறுஅலசல் 2010-இல் லான்செட் இதழில் வெளியானது. என்சைம் சற்று கூடியிருந்தவர்களில் ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு அது இறங்கியது, எடுக்காதவர்களுக்கு ஏறியது. அண்ணனின் பயத்துக்கும் காரணம் உண்டு. முன்பு ஸ்டாட்டின் எடுப்பவர்களை அடிக்கடி எல்எஃப்டி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னோம். கடுமையான பாதிப்பு மிக அரிது என்று தெரிந்தபின், 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அந்த வழக்கமான பரிசோதனையைக் கைவிட்டது.

ஆனாலும் உங்களுக்கு என்சைம் ஏற்கெனவே கூடியிருப்பதால், 8 முதல் 12 வாரத்தில் எல்டிஎல்லோடு எல்எஃப்டியும் ஒருமுறை பாருங்கள். 84 என்பது 100 ஆனால் நிறுத்த வேண்டாம், தொடக்கத்தில் இப்படிக் கொஞ்சம் ஏறித் தானாக இறங்குவதுண்டு. 120-ஐத் தாண்டினால் ஓரிரு வாரத்தில் மறுபடி எடுத்து, அப்போதும் அப்படியே இருந்தால் டோஸைக் குறைப்பதா நிறுத்துவதா என்று டாக்டர் முடிவு செய்வார். எஸ்ஜிஓடி மட்டும் ஏறி, தொடை வலியும் இருந்தால் சிபிகே என்ற தசை என்சைமைப் பார்க்க வேண்டும், அந்த எஸ்ஜிஓடி தசையிலிருந்து வரலாம். கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்நிறமாகப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

சிரோசிஸ் முற்றி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை செய்ததில்லை என்றால் செய்துவிடுங்கள். கல்லீரலுக்கு நல்லதென்று சீந்தில் பொடி ஏதாவது சாப்பிடுகிறீர்களா? நிறுத்துங்கள். அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நம் நாட்டிலிருந்தே மருத்துவ அறிக்கைகள் வந்திருக்கின்றன.