மீன்முள் வரைந்தும் தேதி தவறுகிறது என்றால் தலையில் எழுதியதைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ப்ராஜெக்ட் ஒவ்வொரு மைல்கல்லையும் தவறவிடுகிறது. மீன்முள் வரைபடம் போட்டோம், ஐந்து தடவை ‘ஏன்’ கேட்டோம். ஒன்றும் மாறவில்லை. எங்கே தப்பு?

நீங்கள் மீட்டிங் அறையில் உட்கார்ந்து வரைந்திருப்பீர்கள். பிரச்சினையை எழுதும் மீனின் தலையில் ‘ப்ராஜெக்ட் தாமதம்’ என்றும், முள்களில் காரணங்களையும் எழுதியிருப்பீர்கள். கடைசியில் ‘பின்தொடர்தல் போதவில்லை’ என்று முடித்து, தினமும் ஒரு மீட்டிங் வைத்திருப்பீர்கள். தவறாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். எங்கள் கம்பெனியில் அப்படித்தான் நடந்தது. அதில் ஒரு முள்ளாகக் குத்தப்பட்டவன் நான்.

ஓசூர்ப் பக்கம் பிளாஸ்டிக் பாகங்களுக்கான அச்சு, அதாவது மோல்டு, செய்யும் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். நான் அங்கே ப்ராஜெக்ட் இன்ஜினியர். இருசக்கர வாகனத்துக்கான ஒரு ஸ்விட்ச் கவருக்கு மோல்டு செய்து கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் இரண்டு துளைகள் உள்ள கவர் என்பதால் மோல்டில் பக்கவாட்டில் நகரும் இரண்டு துண்டுகள், அவைதான் ஸ்லைடர்கள். டிசைனுக்கு ஒப்புதல் வந்த நாளிலிருந்து 45ஆம் நாள் முதல் ட்ரயல், அதாவது மோல்டை மெஷினில் ஏற்றி முதல் பீஸ் எடுப்பது. 45 தவறியது. 55 என்றோம், தவறியது. 60 என்றோம், அதுவும் தவறி 67ஆம் நாளில்தான் ட்ரயல் நடந்தது.

55 தவறிய மறுநாள் முதல் மீன்முள் கூட்டம். தலையில் ‘ட்ரயல் தாமதம்’. ஆள், மெஷின், பொருள், முறை, அளவீடு, சூழல் என்று வழக்கமான ஆறு முள்கள். ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது காரணங்கள் சேர்ந்தன. எல்லாரும் அடுத்த டிபார்ட்மென்ட்டின் முள்ளிலேயே எழுதினார்கள். ஸ்டீல் லேட்டாக வந்ததைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் சண்டை. ‘ஆள்’ முள்ளில் ஒருவர் ‘ப்ராஜெக்ட் இன்ஜினியருக்கு அனுபவம் போதாது’ என்று எழுதினார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆளுக்கு மூன்று ஓட்டு. ஓட்டில் ஜெயித்தது ‘பின்தொடர்தல் குறைவு’. அதை வைத்து, ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்டு, தினம் காலை 9 மணிக்கு மோல்டு செய்யும் டூல் ரூம் ஆட்களோடு மீட்டிங் என்று முடிவானது. ட்ரயல் முடியும்வரை அந்த மீட்டிங் நடந்தது. ஃபிட்டர் அதில் தினமும் அரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தார், அவர் வேலை பெஞ்சில் கிடந்தது.

(சம்பந்தமில்லாதது, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை: இந்த மீன்முள் கூட்டங்கள் எல்லாம் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கும். கம்பெனி பஸ் 5.40க்குக் கிளம்பிவிடும். கூட்டத்தில் இருந்தவனுக்கு ஆட்டோ காசு யாரும் தரமாட்டார்கள். பஸ்ஸை ஏன் கூட்டம் முடியும்வரை நிறுத்தி வைக்க முடியாது என்பதற்கு இன்றுவரை எந்த முள்ளும் வரையப்படவில்லை.)

ட்ரயல் முடிந்த பிறகு கஸ்டமர் எழுத்தில் காரணம் கேட்டார். எங்கள் பதிலை எழுதப் போனபோது தரப்பிரிவில் இருந்த மூத்த அண்ணன் ஒருவர் அந்தச் சார்ட்டைப் பார்த்தார். “இதில் எந்த வரியைத் தம்பி நீ நேரில் போய்ப் பார்த்தே?” என்றார். ஒன்றுகூட இல்லை. நாற்பதும் ஞாபகத்திலிருந்து எழுதியவை.

அவர் செய்த முதல் வேலை, டூல் ரூமின் ஜாப் கார்டுகளை எடுத்து வரச் சொன்னது. ஒவ்வொரு வேலையும் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிந்தது என்று அதில் இருக்கும். அதைப் பிளானோடு ஒப்பிட்டு, 22 நாள் தாமதத்தைப் பங்கு பிரித்தோம். நாங்கள் இருபது நிமிடம் சண்டை போட்ட ஸ்டீலுக்கு 2 நாள். மெஷினிங்குக்கு 4. ஸ்டீலை மின்பொறியால் அரித்து வடிவமாக்கும் ஸ்பார்க் மெஷினுக்கும் அதன் எலெக்ட்ரோடுகளுக்கும் சேர்த்து 5. மீதி 11 நாள், பாகங்களைக் கையால் பொருத்தும் ஃபிட்டிங் பெஞ்சில். பெஞ்ச் வேலைக்குப் பிளானில் 5 நாள் போட்டிருந்தது, ஆனது 16. முதல் கூட்டத்தின் நாற்பது காரணங்களில் ஃபிட்டிங் என்ற சொல்லே கிடையாது. ஃபிட்டர் யாரோடும் சண்டை போடாதவர், அதனால் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிறகு தலையை மாற்றி எழுதினார்: ‘ஸ்லைடர் மோல்டின் ஃபிட்டிங் 5 நாளுக்குப் பதில் 16 நாள்’. தலை இவ்வளவு குறுகியதும் முள்கள் தாமாகவே குறைந்துவிட்டன. ‘சூழல்’ முள்ளில் எழுத ஒன்றுமில்லை, காலியாக விட்டோம்.

அப்புறம் ஃபிட்டரிடம் போனோம். ஸ்லைடரும், பிளாஸ்டிக் நிரம்பும் குழியான கேவிட்டியும் சந்திக்கும் முகங்களில் நீலப் பேஸ்ட் தடவி, மூடித் திறந்து, எங்கே நீலம் ஒட்டுகிறது என்று பார்த்துக் கையால் தேய்ப்பார்கள். ப்ளூ மேட்சிங் என்பது அதுதான். ஒரு தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் உருகிய பிளாஸ்டிக் வெளியே கசிந்து பீஸின் ஓரத்தில் சவ்வு மாதிரி நிற்கும். அவசரப்படுத்தினால் அதிகமாகத் தேய்த்துவிடுவார்கள், பிறகு வெல்டிங் வைத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஏன் 16 நாள் ஆனது என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: “ரெண்டு ஸ்லைடருக்கு எப்பவுமே ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும் தம்பி. அஞ்சு நாள்னு யாரு போட்டது?”

யார் போட்டது? நான்தான். ஆனால் நானாகப் போடவில்லை. இங்கேதான் ஏன் என்ற கேள்வி சரியாக வேலை செய்தது.

பெஞ்சுக்கு ஏன் 5 நாள்? மொத்தம் 45 என்று கையில் கொடுத்துவிட்டார்கள், மற்ற வேலைகளைக் கழித்தால் அதற்கு மிஞ்சியது அவ்வளவுதான். ஏன் 45? சேல்ஸ் கொடுத்த கோட்டேஷனில் அப்படி இருந்தது. சேல்ஸ் ஏன் 45 எழுதியது? யாரும் எழுதவில்லை, கோட்டேஷன் படிவத்திலேயே அந்த எண் அச்சாகியிருந்தது. கம்பெனி வெறும் மூடிகள், ஸ்லைடர் இல்லாத எளிய மோல்டுகள் மட்டும் செய்த காலத்துப் படிவம். இத்தனை வருடத்தில் ஏன் யாரும் மாற்றவில்லை? கோட்டேஷன் சேல்ஸிலிருந்து அக்கவுண்ட்ஸுக்கும் அங்கிருந்து எம்டியின் கையெழுத்துக்கும் போகும். டூல் ரூம் அதைப் பார்ப்பதே இல்லை.

இந்த இடத்தில் நிறுத்தினோம். எண்ணிப் பார்த்தால் நான்கு ஏன்தான் ஆகியிருக்கிறது. ஐந்து என்பது சட்டம் கிடையாது. நம்மால் மாற்றக்கூடிய ஒரு நடைமுறை கையில் சிக்கும்போது நிறுத்தினால் போதும். அதற்குக் கீழே தோண்டினால் ‘எம்டி ஏன் அப்படி’ என்று போய், வேலைக்கு உதவாத இடத்தில் நிற்கும். அதைவிட, முன்னாலேயே நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. ‘ஒரே ஒரு ஃபிட்டர்தான் இருக்கிறார்’ என்பதில் நிறுத்தச் சொன்னவர் உண்டு. இன்னொரு ஆளை எடுத்திருப்பார்கள். ஐந்து நாள் என்ற பொய் எண் அப்படியே இருந்திருக்கும்.

டயோட்டாவின் உற்பத்தி முறையை வடிவமைத்த டைச்சி ஓனோ சொன்ன உதாரணத்தை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் காட்டுவார்கள்: மெஷின் நின்றது, ஃபியூஸ் போனது, பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை, பம்ப் இழுக்கவில்லை, அதன் தண்டு தேய்ந்திருக்கிறது, வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போயிருக்கிறது. அருமையான உதாரணம்தான். ஆனால் அங்கே மெஷின் கண்முன்னே நிற்கிறது, ஒவ்வொரு பதிலையும் கழற்றிப் பார்க்கலாம். ப்ராஜெக்ட் தாமதத்தைக் கழற்ற முடியாது. கார்டும் தேதியும்தான் கழற்றுவதற்குக் கிடைக்கும். அவை இல்லாமல் கேட்கிற ஏன் எல்லாம் அபிப்பிராயக் கணக்கெடுப்பு.

அண்ணன் இரண்டு சோதனை வைத்தார். ஒன்று, இந்த ஏன்களின் சங்கிலியைக் கீழிருந்து மேலே ‘ஆகவே’ போட்டு வாசிப்பது. டூல் ரூம் கோட்டேஷனைப் பார்ப்பதில்லை, ஆகவே பழைய 45 அப்படியே நின்றது, ஆகவே பெஞ்சுக்கு 5 நாள் விழுந்தது, ஆகவே 11 நாள் மீறியது. ஒட்டுகிறது. எங்கள் பழைய முடிவை அப்படி வாசியுங்கள்: பின்தொடர்தல் குறைவு, ஆகவே ப்ளூ மேட்சிங்குக்கு 16 நாள். சிரிப்புதான் வரும்.

இரண்டாவது, பழைய மோல்டுகளைப் பார்ப்பது. கடைசி எட்டில் ஸ்லைடர் இல்லாதவை மூன்று, மூன்றும் சொன்ன தேதியிலோ ஓரிரு நாள் தள்ளியோ முடிந்திருந்தன. ஸ்லைடர் உள்ள ஐந்தும் இரண்டு, மூன்று வாரம் தாமதம். அந்த எளிய மூன்றில் இரண்டுக்கு நான்தான் இன்ஜினியர். என் அனுபவக் குறைவுதான் காரணமென்றால் அவையும் தவறியிருக்க வேண்டுமே? எட்டு மோல்டை வைத்து முடிவு கட்டலாமா என்று புள்ளியியல் தெரிந்தவர்கள் வருவார்கள். கட்டக் கூடாது, தெரியும். ஆனால் ஓட்டெடுப்பைவிட எட்டு மேல்.

உங்கள் கேள்வியில் ‘ஒவ்வொரு மைல்கல்லையும்’ என்று இருப்பதால் இன்னொன்று. தாமதம் ஏன் வந்தது என்பது ஒரு சங்கிலி. அது நமக்கு ஏன் கடைசி வாரத்தில்தான் தெரிந்தது என்பது வேறு சங்கிலி. இரண்டையும் ஒரே மீனில் போட்டால் குழம்பும். எங்கள் வாராந்திர ரிப்போர்ட் 40ஆம் நாளில் ‘80 சதவீதம் முடிந்தது’ என்றது. ஏன் என்று பார்த்தால், அது மெஷின் ஓடிய மணிநேரத்தைக் கொண்டு போட்ட கணக்கு. பெஞ்ச் வேலை அந்தக் கணக்கிலேயே சேரவில்லை. சதவீதத்தை எடுத்துவிட்டு, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வரக்கூடிய வரிகளைப் போட்டோம்: எலெக்ட்ரோடுகள் எல்லாம் தயாரா, முதல் ஸ்லைடர் மேட்சிங் முடிந்ததா, இரண்டாவது முடிந்ததா. அடுத்த மோல்டுக்கு 9 மணி மீட்டிங் வைக்கவில்லை.

கோட்டேஷன் படிவத்தில் 45ஐ அழித்து, ஸ்லைடர் எத்தனை என்று ஒரு கட்டமும் டூல் ரூம் கையெழுத்துக்கு ஒரு கட்டமும் சேர்த்தார்கள். இதற்கு சேல்ஸை ஒத்துக்கொள்ள வைக்க இரண்டு மாதம் ஆனது. அடுத்த ஸ்லைடர் மோல்டுக்கு 65 நாள் சொன்னோம், 67இல் ட்ரயல். கவனியுங்கள், வேலை ஒரு நாள்கூட வேகமாகவில்லை, சொன்ன தேதிதான் உண்மையானது. 65 என்று கேட்டதும் ஒரு கஸ்டமர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதற்கு சேல்ஸ் இன்றும் என்னைத்தான் சொல்கிறது. மென்பொருள் ப்ராஜெக்ட்டுக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தது மோல்டு மட்டும். உங்கள் ஜாப் கார்டு எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் தேட வேண்டும்.