மெழுகில் சென்ட்ரல் இன்சைசர்: காண்டாக்ட் எங்கே தவறுகிறது?

கேள்வி: பி.டி.எஸ். முதல் வருடம் படிக்கிறேன். மேல் சென்ட்ரல் இன்சைசரை இரண்டு மடங்கு அளவில் கார்விங் செய்கிறேன். அளவெல்லாம் சரியாக வைத்தாலும் "இது ரைட்டா, லெஃப்டா? காண்டாக்ட் எங்கே?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: மீசியல், டிஸ்டல் இரண்டு காண்டாக்டையும் ஒரே உயரத்தில் வைத்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் மொத்த அளவு சரியாக இருந்தும் பல் பீப்பாய் மாதிரி இருபுறமும் ஒன்றாகிவிடும். பிறகு அது ரைட்டா லெஃப்டா என்று செதுக்கியவருக்கே தெரியாது.

இந்தப் பல்லின் கிரவுன் நீளம் 10.5 மி.மீ., அகலம் 8.5, கழுத்தில் அகலம் 7. இரண்டு மடங்கில் இவை 21, 17, 14 ஆகும். 17-லிருந்து 14-ஐக் கழித்தால் 3. அதாவது காண்டாக்டிலிருந்து கழுத்துக்கு வரும்போது பக்கத்துக்கு வெறும் 1.5 மி.மீ.தான் குறைய வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் கழுத்தை 11, 12 வரை ஒட்ட வெட்டி, பல்லை மணி போல ஆக்கிவிடுகிறார்கள்.

அந்த 1.5 மி.மீ. எவ்வளவு தூரத்தில் குறைகிறது என்பதில்தான் ரைட், லெஃப்ட் இருக்கிறது. மீசியல் காண்டாக்ட் இன்சைசல் மூன்றிலொரு பாகத்தில், மூலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் அளவில் விளிம்பிலிருந்து சுமார் 3 மி.மீ. கீழே குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கழுத்துக்கு 18 மி.மீ. இருப்பதால் அந்தப் பக்கம் ஏறத்தாழ நேர்கோடாகத் தெரியும், மூலையும் கூர்மையாக நிற்கும். டிஸ்டல் காண்டாக்ட், இன்சைசல் பாகமும் நடுப்பாகமும் சேரும் இடத்தில், விளிம்பிலிருந்து 7 மி.மீ. கீழே வரும். கழுத்துக்கு மீதி 14 மி.மீ.தான், மேலே விளிம்பை நோக்கியும் வளைய 7 மி.மீ. கிடைக்கிறது. எனவே அந்தப் பக்கம் உருண்டும், மூலை மழுங்கியும் வரும்.

செய்முறையில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றுங்கள். பிளாக்கின் லேபியல் முகத்தில் வெளிக்கோட்டை வரைந்ததும், இரண்டு காண்டாக்டையும் பக்கச் சுவர்களிலும் கோடாகக் குறித்துவிடுங்கள். வெளிக்கோட்டை ஒட்டி வெட்டாமல் அரை மி.மீ. விட்டு வெட்டுங்கள். வெட்டியதும் குறி போய்விடும். உடனே மறுபடி குறியுங்கள். அதற்குப் பிறகுதான் பக்கவாட்டு வடிவம், அதாவது லேபியலிலிருந்து லிங்குவல் வரை 14 மி.மீ. அகலமும் கழுத்தில் 12-ம். இந்த 14 கிரவுனின் நடுவில் அல்ல, கழுத்தை ஒட்டிய மூன்றிலொரு பாகத்தில் வர வேண்டும். லேபியல் வளைவும் சிங்குலமும் அங்கேதான் புடைத்திருக்கும். இன்சைசல் விளிம்பு வேரின் நடுக்கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும்.

அடுத்து லிங்குவல் பக்கம். பக்கச் சுவர்களைப் பிளாக்கில் இருந்தபடியே செங்குத்தாக விட்டுவிட்டால் காண்டாக்ட் புள்ளியாக இல்லாமல் பட்டையாகிவிடும், லிங்குவல் எம்ப்ரேஷர் காணாமல் போகும். இரண்டு சுவர்களும் லிங்குவலை நோக்கி ஒடுங்க வேண்டும். விளிம்புப் பக்கமிருந்து பார்த்தால் பல் முக்கோணமாகத் தெரியும். சிங்குலத்தை நடுவில் வைக்காமல் சற்றே டிஸ்டல் பக்கம் தள்ளுங்கள். ரைட், லெஃப்ட் சொல்ல அதுவும் ஒரு சாட்சி.

சர்விகல் லைனை மோதிரம் மாட்டியது போல் சுற்றிக் கீறுவது இன்னொரு வழக்கமான பிழை. பக்கங்களில் அது விளிம்பை நோக்கி மேலே வளைகிறது: மீசியலில் 7 மி.மீ., டிஸ்டலில் 5. கோட்டைப் பள்ளமாகத் தோண்டாதீர்கள். மெல்லிய கீறல் போதும்.

சரிபார்க்க ஸ்டீல் ஸ்கேல் ஒன்று போதும். அதன் விளிம்பைப் பல்லின் நீளவாக்கில், அச்சுக்கு இணையாக, மீசியல் பக்கம் வையுங்கள். மூலைக்கு அருகே ஒரே இடத்தில் தொட்டு, கழுத்தருகே 1.5 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். டிஸ்டல் பக்கம் 7 மி.மீ. கீழே தொட்டு, மேலும் கீழும் வெளிச்சம் தெரிய வேண்டும். பிறகு ஸ்கேலைக் குறுக்காக, லேபியலிலிருந்து லிங்குவலுக்குப் போகும்படி வைத்தால், லிங்குவல் பக்க இடைவெளி பெரிதாக இருக்க வேண்டும். நீள முழுக்க ஒட்டி உட்கார்ந்தால் சுவர் இன்னும் தட்டை.

ஆழமாக வெட்டுப்பட்ட இடத்தில் மெழுகை உருக்கி ஒட்டினால் தையல் போலக் கோடு தெரியும். முதலில் விட்ட அரை மி.மீ. அதற்காகத்தான். வெயில் காலத்தில் மெழுகு இளகி கார்வரில் இழுபடும். பிளாக்கைக் கொஞ்ச நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுங்கள். ஆனால் ஐஸ் தண்ணீர் வேண்டாம், சில்லு சில்லாகப் பெயரும்.

கடைசியாகப் பாலிஷ். சோப்புத் தண்ணீர் தொட்ட பஞ்சால் லேபியல் முகத்தைத் தேய்க்கும்போது கை தானாக மீசியல் மூலையையும் சேர்த்துத் தேய்க்கும். மூலை மழுங்கினால் காண்டாக்ட் கீழே இறங்கி, பல் மறுபடி பீப்பாய் ஆகிவிடும். தேய்க்கும்போது அந்த மூலையை விரலால் மூடிக்கொள்ளுங்கள்.