பக்கத்துக் கடை இட்லி 8 ரூபாய், நானும் குறைக்கலாமா?

"தள்ளுவண்டியில் சாயங்கால டிபன் கடை போடுகிறேன். இட்லி 10 ரூபாய். போன மாதம் பக்கத்தில் கடை போட்டவர் 8 ரூபாய்க்குத் தருகிறார். என்னிடம் வந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே போகிறார்கள். நானும் 8 ரூபாய் ஆக்கிவிடலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். காரணத்தை, இதே நிலையில் இருந்த ஓர் அக்காவின் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

அவர் கடையில் மாவு கிலோ 45 ரூபாய்க்கு வாங்குவார். கிலோவுக்கு 18 இட்லி வரும். அப்படியென்றால் ஓர் இட்லிக்கு மாவு 2.50. சாம்பாரும் இரண்டு சட்னியும் 2 ரூபாய். கேஸ் 75 காசு, இலையும் பார்சல் கவரும் 75 காசு. ஆக 6 ரூபாய் செலவு. 10 ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது 4 ரூபாய். ஒரு நாளைக்கு 200 இட்லி போகும், 800 ரூபாய் நிற்கும். அதில் உதவிக்கு நிற்கும் பெண்ணுக்கு 300, தினம் கட்டும் தண்டல் கடனுக்கு 100 போக, வீட்டுக்கு 400.

பக்கத்தில் 8 ரூபாய்க் கடை வந்ததும் மறுநாளே அவரும் 8 ஆக்கினார். கூட்டம் வந்தது, 280 இட்லி விற்றது. கல்லாவில் 2,000 இருந்த இடத்தில் 2,240 விழுந்தது. இந்த இடத்தில்தான் அவர் ஏமாந்தார். கல்லா நிறைந்ததைப் பார்த்து, முடிவு சரிதான் என்று நினைத்துவிட்டார். ஆனால் ஓர் இட்லிக்கு நிற்பது இப்போது 2 ரூபாய்தான். 280 இட்லிக்கு 560. கூலியும் தண்டலும் போக வீட்டுக்கு 160.

பழைய 400 ரூபாயைப் பார்க்க வேண்டுமென்றால் 400 இட்லி விற்றாக வேண்டும். அவரிடம் இருந்த ஒரே கொப்பரையில், சாயங்கால நாலு மணி நேரத்தில் அது நடக்காது. இன்னொரு கொப்பரையும் இன்னோர் ஆளும் வேண்டும், அப்போது கூலியும் ஏறிவிடும்.

வீட்டுச் செலவுக்குப் போதாமல், மாவுக்கான காசை எடுத்துச் செலவு செய்தார். மளிகைக் கடையில் கடன் ஏறியது. அதை அடைக்க இரண்டாவது தண்டல் வாங்கினார்: கையில் 9,000, தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இட்லியின் செலவு 6 ரூபாயைத் தாண்டாமல் இருக்கச் சாம்பாரில் பருப்பைக் குறைத்தார், கடலைச் சட்னியை நிறுத்தினார். ருசிக்காக வந்தவர்கள் அதன் பிறகுதான் போனார்கள். விற்பனை 220-க்கு இறங்கியது. நின்றது 440, கூலிக்கும் இரண்டு தண்டலுக்கும் போக வேண்டியது 500. தினம் 60 ரூபாய் கைநஷ்டம்.

அந்தப் பக்கத்துக் கடைக்காரரோ நஷ்டத்துக்கு விற்கவில்லை. வீட்டுக் கிரைண்டரில் சொந்தமாக அரைத்த மாவு, விறகு அடுப்பு, ஒரே சட்னி. இட்லியும் கொஞ்சம் சின்னது. அவருக்கு அடக்கம் சுமார் 3.50. 8 ரூபாய்க்கு விற்று 4.50 எடுத்தார், அதாவது அந்த அக்கா 10 ரூபாய்க்கு விற்றபோது எடுத்ததைவிட அதிகம். கூடமாட மனைவி இருந்ததால் கூலி இல்லை, கடனும் இல்லை. அவருக்குப் பொருந்திய விலை இவருக்குப் பொருந்த வழியே இல்லை.

அந்த அக்கா மீண்டது எப்படி? முதலில் மாவு வாங்குவதை நிறுத்தினார். அரிசியையும் உளுந்தையும் தானே ஊறவைத்து, கூலிக்கு அரைத்துத் தரும் கடையில் கொடுத்தார். மாவுச் செலவு 2.50-லிருந்து 1.80 ஆனது. பிறகு சாம்பாரைப் பழைய பக்குவத்துக்குக் கொண்டுவந்து, கடலைச் சட்னியையும் திரும்ப வைத்து, அதற்கப்புறம் விலையை 10 ஆக்கினார். இந்த வரிசை முக்கியம். தண்ணீர்ச் சாம்பாரோடு விலையை ஏற்றியிருந்தால் மிச்சமிருந்தவர்களும் போயிருப்பார்கள். விற்பனை 150-க்கு விழுந்து, மெல்ல 180-க்கு வந்தது. ஓர் இட்லிக்கு 4.70 வீதம் 846 ரூபாய். கூலியும் இரண்டு தண்டலும் போக வீட்டுக்கு 346. முதல் தண்டல் முடிந்ததும் அது 446 ஆனது.

உங்கள் கணக்கை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். வாங்கிய மாவு, பருப்பு, தேங்காய், கேஸ், இலை எல்லாவற்றையும் கூட்டி, விற்ற இட்லியின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் இட்லியின் செலவு வரும். மிஞ்சி வீணானதற்கும் செலவு உண்டு, ஆனால் விற்றதில் சேராது. பலர் தவறவிடுவது இதைத்தான். பிறகு இப்போது நிற்கும் தொகையை, விலை குறைத்தால் நிற்கப்போகும் தொகையால் வகுங்கள். 4-ஐ 2-ஆல் வகுத்தால் 2. அதாவது விற்பனை இரண்டு மடங்காக வேண்டும். உங்கள் அடுப்பும் ஆளும் அதைத் தாங்குமா என்று மட்டும் பாருங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் விலைக் குறைப்பு சரிவரும். கடை கட்டும் கடைசி அரை மணி நேரத்தில் வெந்த இட்லி மிஞ்சியிருந்தால் 8-க்குக் கொடுங்கள், அதற்கான செலவு ஏற்கெனவே போய்விட்டது. ஆனால் அதையே தினமும் செய்தால் ஆட்கள் அந்த நேரத்துக்குக் காத்திருந்து வருவார்கள். அப்போது ஊற்றும் மாவைக் குறைப்பதுதான் வழி.

தண்டல் வாங்கியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கியிருந்தால், விலையைத் தொடும் முன் அதை மாற்றப் பாருங்கள். தெருவோர வியாபாரிகளுக்காக 2020-ல் வந்த பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் ஈடு இல்லாமல் வங்கிக் கடன் உண்டு, தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. தெரு வியாபாரி அடையாள அட்டையையோ, உள்ளாட்சி தரும் பரிந்துரைக் கடிதத்தையோ எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.