டொராண்டோவில் இறங்கும் முன் தண்டையார்பேட்டையிலேயே 3 மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள்

"அண்ணா, நான் தண்டையார்பேட்டை. ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை விடியக்காலை 4 மணிக்கு ஃப்ளைட், வளைகுடாவில் மாறி அன்னைக்கே சாயங்காலம் 4 மணிக்கு டொராண்டோ. செவ்வாய்க்கிழமை காலேஜ் ஆரம்பம். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள்னு சொல்றாங்களே, அப்போ பத்து நாள் தூங்கி வழிவேனா? தினமும் 10.30-க்குப் படுத்து 6.30-க்கு எழுந்துக்கிறவன் நான்."

தம்பி, அந்தக் கணக்கு ஒரு சராசரிதான். போகும் திசையைப் பொறுத்து அது மாறும். மனித உடலின் கடிகாரம் இயல்பாகவே 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுகிறது. அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது அதற்கு எளிது, முன்னுக்கு இழுப்பது கடினம். மேற்கே போகிறவருக்குத் தள்ளிப்போடும் வேலை, நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் சரியாகும். கிழக்கே திரும்பும்போது ஒரு மணி நேரம்தான் நகரும். கோடையில் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் வித்தியாசம் 9.30 மணி நேரம். ஆக, ஒன்றுமே செய்யாமல் போனால் உங்களுக்கு ஆறேழு நாள் பிடிக்கும். கிளம்பும் முன்பே 3 மணி நேரத்தை நகர்த்திவிட்டால் மீதி ஆறரை. அது நாலைந்து நாளில் முடியும், செவ்வாய்க்கிழமை வகுப்பில் கண் திறந்திருக்கும்.

அந்த 3 மணி நேரத்தால் நாள் குறைவதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. பலரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

இரவில் நம் உடல் சூடு மெல்லக் குறைந்து, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அடிமட்டத்தைத் தொடும். 6.30-க்கு எழுகிற உங்களுக்கு அது விடியற்காலை 4 மணி வாக்கில். உடல் கடிகாரத்துக்கு அதுதான் திருப்புமுனை. அதற்கு முந்தைய சில மணி நேரங்களில் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைத் தாமதப்படுத்தும். அதற்குப் பிந்தைய சில மணி நேரங்களில் படும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். உங்களுக்கு வேண்டியது தாமதம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சென்னையில் விடியற்காலை 4 மணி என்பது டொராண்டோவில் முந்தின நாள் மாலை 6.30. ஆகஸ்ட் கடைசியில் அங்கே சூரியன் மறைவது 8 மணியை ஒட்டி. எதையும் மாற்றாமல் போய் இறங்கினால், 6.30-க்கு மேல் நீங்கள் வாங்கும் வெயில் கடிகாரத்தைச் சென்னைப் பக்கமே திருப்பும். "மாலையில் வெயிலில் நட, சரியாகிவிடும்" என்ற பொதுவான அறிவுரையைக் கேட்டும் சிலருக்கு நாள் இழுப்பது இதனால்தான். 3 மணி நேரம் முன்பே தள்ளியிருந்தால் உங்கள் திருப்புமுனை டொராண்டோ நேரப்படி இரவு 9.30-க்குப் போய்விடும். அந்த மாலை வெயில் முழுவதும் உங்கள் பக்கம் வேலை செய்யும்.

செய்யும் முறை இது. ஞாயிறு இரவு 11.30-க்குப் படுத்து 7.30-க்கு எழுங்கள். திங்கள் 12.30, காலை 8.30. செவ்வாய் 1.30, காலை 9.30. புதன் இரவும் அதே 1.30. இரவுச் சாப்பாட்டையும் கூடவே தள்ளுங்கள். படுக்கும் வரை ட்யூப் லைட் எரியட்டும், ஃபோன் பார்த்தாலும் இந்த நான்கு நாள் தப்பில்லை. வியாழன் இரவு தூக்கம் சொக்காமல் விழித்திருக்க முடியும், 12 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் 1 மணிக்கு மீனம்பாக்கம்.

இதில் கஷ்டம் இரவில் இல்லை, காலையில்தான். நம் பக்கத்து வீடுகளில் 5 மணிக்கே குடம் உருளும், தண்ணீர் லாரி வந்துவிட்டால் தெருவே எழுந்துவிடும், கிழக்கே கடல் பக்கமிருந்து வெயில் நேராக ஜன்னலில் அடிக்கும். 7 மணி வெயில் கண்ணில் பட்டால் இரவு தள்ளிப்போட்டதைக் காலையே திரும்ப இழுத்துவிடும். ஜன்னலுக்குக் கெட்டிப் போர்வை ஒன்றைக் கட்டுங்கள், காதுக்குப் பஞ்சு வையுங்கள், அந்த நான்கு நாள் தண்ணீர் பிடிக்கும் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள். ஒரே அறை வீடு, 9.30 வரை தூங்க வழியே இல்லை என்றால் 2 மணி நேரத்தோடு நிறுத்துங்கள்: 12.30-க்குப் படுத்து 8.30-க்கு எழுவது. திருப்புமுனை டொராண்டோ நேரப்படி 8.30-க்கு வரும், சூரியன் அதற்குள் மறைந்துவிடுவதால் அதுவும் போதும். 1.30-க்குப் படுத்து 6 மணிக்கு எழுவது மட்டும் வேண்டாம். அதில் கடிகாரம் சரியாக நகராது, தூக்கம் மட்டும் கடன் சேரும்.

இந்த நாட்களில் யாராவது சொன்னார்கள் என்று மாலையில் மெலடோனின் மாத்திரை போடாதீர்கள். மாலை நேரத்தில் அது தூக்கத்தை முன்னுக்கு இழுக்கும், உங்களுக்கு அது எதிர்த்திசை.

வளைகுடாவிலிருந்து கிளம்பும் நீண்ட விமானத்தில் முதல் பாதி கண்ணை மூடும் துணியைக் கட்டிக்கொண்டு தூங்குங்கள், டொராண்டோவில் அப்போது இரவு. கடைசி 6 மணி நேரம் தூங்கவே கூடாது. அதில் தூங்கிவிட்டால் முதல் இரவுக்குத் தூக்கம் மிச்சமிருக்காது.

இறங்கியதும் பெட்டியை வைத்துவிட்டு வெளியே போய் 8 மணி வரை நடங்கள். "அரை மணி நேரம் சாய்ந்துவிட்டு எழுகிறேன்" என்று 6 மணிக்குப் படுக்கிறவர் பெரும்பாலும் இரவு 11 மணிக்குத்தான் விழிப்பார், பிறகு விடியும்வரை கொட்டக் கொட்ட உட்கார்ந்திருப்பார். 9 மணி வரையாவது தாங்குங்கள். அடுத்தடுத்த நாள் கொஞ்சம் கொஞ்சமாக 10.30-க்குக் கொண்டுபோங்கள். பகலில் தாங்கவே முடியாவிட்டால் மதியம் 2 மணிக்கு முன்பு 20 நிமிடம், அலாரம் வைத்துக்கொண்டு. காபி, டீ எல்லாம் மதியத்தோடு சரி.

முதல் இரண்டு மூன்று இரவு 2 மணி வாக்கில் விழிப்பு வரும், கூடவே பசியும். சென்னையில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம், வயிறு அதைத்தான் கேட்கிறது. இரண்டு பிஸ்கட்டும் தண்ணீரும் போதும். விளக்கைப் போடாமல், ஃபோனை எடுக்காமல் இருட்டிலேயே படுத்திருங்கள். உங்கள் திருப்புமுனைக்குப் பிந்தைய நேரம் அது, அப்போது பார்க்கும் வெளிச்சம் உங்களைத் திரும்பத் தண்டையார்பேட்டைக்கே இழுக்கும். அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். மதியம் 12 மணிக்கு "சாப்பிட்டியா?" என்று அவர் கூப்பிட்டால் உங்களுக்கு இரவு 2.30. சென்னையில் மாலை 7 மணி என்றால் டொராண்டோவில் அன்று காலை 9.30. முதல் வாரம் அந்த நேரத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

தூக்கம் சரியான பிறகும் பசியும் வயிறும் ஓரிரு நாள் பின்தங்கி வரும். அதைக் கண்டு பயந்து மதியத்தில் படுத்துவிடாதீர்கள். ஒரு வாரம் தாண்டியும் 3 மணி விழிப்பு தொடர்ந்தால், மாலையில் எங்கோ கண் அசருகிறீர்களா, நடுராத்திரியில் ஃபோன் பார்க்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

ஜனவரியில் வரும் நண்பர்களுக்கு வித்தியாசம் 10.30 மணி நேரம், 5 மணி வாக்கிலேயே இருட்டிவிடும். அவர்கள் மாலையில் நல்ல வெளிச்சமுள்ள கடை, நூலகம் போன்ற இடத்தில் இருக்க வேண்டும். நீங்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போதுதான் அந்த ஒரு நாள் கணக்கு முழுசாகப் பொருந்தும், ஒன்பது பத்து நாள் ஆகும். வீட்டில் கல்யாணம் என்றால் குறைந்தது ஒரு வாரம் முன்னாடி டிக்கெட் போடுங்கள்.